சந்தனமா, சந்தன வாசனையா?

மைசூர் அரண்மனையைச் சுற்றிப் பார்த்துவிட்டு வெளியே வருபவரின் கையில் ஒரு குட்டி யானையையோ பிள்ளையாரையோ கொடுத்து, "மோந்து பாருங்க சார், ஒரிஜினல் சந்தனம்" என்று சொல்ல எப்போதும் ஓர் ஆள் இருப்பார். மோந்து பார்த்தால் கமகமவென்றுதான் இருக்கும். பேரம் படியும், பொம்மை ஊருக்கு வரும், ஷோகேஸில் ஏறும். ஆறு மாதம் கழித்து யாராவது விருந்தாளி அதை எடுத்து முகர்ந்து பார்க்கும்போது வெறும் மரக்கட்டை வாசனைகூட வராது.

சந்தனத்தை மூக்கால்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்று நாம் நம்புவதுதான் இந்த வியாபாரத்தின் மூலதனம். வெளியிலிருந்து ஒரு கட்டைக்கு எதையாவது ஏற்ற வேண்டும் என்றால் மிகச் சுலபமாக ஏற்றக்கூடியது வாசனைதான். பஞ்சில் நாலு சொட்டு செண்ட் போதும். மரத்தின் எடையையும், குறுக்குவெட்டில் தெரியும் துளைகளையும், உளி போன தடத்தையும் அப்படிப் பூசிவிட முடியாது. அதனால் மரச் சிற்பம் வாங்கப் போகிறவர் மணம் இருக்கிறதா என்று கேட்பதை விட்டுவிட்டு, அந்த மணம் கட்டையின் எந்த இடத்திலிருந்து வருகிறது என்று கேட்கப் பழக வேண்டும். பிறகு ரேகையைக் கேட்க வேண்டும், கடைசியாக உளியைக் கேட்க வேண்டும். ஒன்று சொல்வதை இன்னொன்று ஒப்புக்கொண்டால்தான் காசை எடுக்கலாம்.

வைரத்தில்தான் வாசனை

சந்தன மரம் முழுவதும் மணக்காது. பட்டைக்கு உள்ளே வெளுப்பாக இருக்கும் வெளிறுப் பகுதிக்கு வாசனையே கிடையாது. நடுவில் வைரம் பாய்ந்த பகுதியில்தான் எண்ணெய் இருக்கிறது. அந்த வைரம் விழவே பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஆகும். நல்ல கனமான வைரத்துக்கு முப்பது ஆண்டுகள்கூடக் காத்திருக்க வேண்டியிருக்கும். எண்ணெய் அதிகம் இருப்பது வேரில். அடிமரத்தில் அதைவிடக் குறைவு, மேலே போகப்போக இன்னும் குறைவு. சிற்பிக்குக் கிடைப்பது பெரும்பாலும் அடிமரத்தின் வைரக் கட்டைதான். வேரும் சிராய்ப்பும் தூளும் எண்ணெய் வடிக்கவும் ஊதுபத்திக்கும் போய்விடும்.

இதனால் ஒரு விசித்திரமான போலி சாத்தியமாகிறது. சந்தன மரத்தின் வெளிறையே செதுக்கி, மேலே தைலம் தடவி விற்கலாம். 'இது சந்தன மரம்' என்று விற்பவர் சத்தியம் செய்தாலும் அது பொய்யாகாது. ஆனால் நீங்கள் கொடுக்கும் விலை வைரத்துக்கு. வெளிறு வெண்மையாக இருக்கும், வைரம் மஞ்சள் கலந்த பழுப்பாக இருக்கும், இரண்டும் சந்திக்கும் இடத்தில் கோடு போட்ட மாதிரி எல்லை தெரியும். சிலையின் ஒரு ஓரத்தில் வெண்மையான பட்டை இருந்தால் அது வெளிறு. கொஞ்சம் இருப்பது குற்றமில்லை, பாதிச் சிலை அப்படி இருந்தால் விலையும் பாதியாக வேண்டும்.

சந்தன எண்ணெயின் மணத்துக்குக் காரணம் சாண்டலால் என்ற பொருள். நல்ல எண்ணெயில் தொண்ணூறு சதவீதம் வரை அதுதான். அதன் மூலக்கூறு கனமானது, காற்றில் மெதுவாகத்தான் ஏறும். ஆகவே நிஜமான சந்தனக் கட்டை இரண்டடி தூரத்திலிருந்து உங்களைக் கூப்பிடாது. மூக்கருகே கொண்டுபோனால்தான் மெல்லியதாக, பால் காய்ச்சினாற்போன்ற ஒரு இனிப்போடு மணம் வரும். கடைக்குள் நுழைந்தவுடனேயே குப்பென்று அடித்தால் அது பெரும்பாலும் செண்ட், அல்லது கடையில் ஏற்றி வைத்த ஊதுபத்தி. சில செயற்கைச் சந்தன வாசனைப் பொருள்களும் மெதுவாக ஆவியாகக்கூடியவை என்பதால் இது ஒரு குறிப்பு மட்டுமே, தீர்ப்பு ஆகாது.

கடைக்குள்ளேயே முகர்ந்து முடிவு செய்வது தவறு. அங்கே பத்திப் புகை இருக்கும், பெட்டிக்குள் தைலம் நனைத்த பஞ்சு இருக்கும். நாலைந்து முறை முகர்ந்தபின் மூக்கு மரத்துப்போகும். பொருளை வாசலுக்கு எடுத்து வாருங்கள். ஒருமுறை முகர்ந்துவிட்டு உங்கள் சட்டைக் கையை முகருங்கள், மூக்கு பழைய நிலைக்கு வரும். அடுத்து சிலையின் முன்பக்கத்தை விட்டுவிட்டு, கையால் எளிதில் தடவ முடியாத ஆழமான குழியையும் அடிப்பாகத்தையும் முகருங்கள். வாசனை மூக்கிலும் வயிற்றிலும் தூக்கலாக இருந்து குழியில் இல்லாவிட்டால், அது தடவப்பட்டது.

சந்தனக்கல் சொல்லும் சாட்சி

இதற்கெல்லாம் மேலான சோதனைக் கருவி நம்மில் பல வீடுகளின் பூஜையறையிலேயே இருக்கிறது. சந்தனம் அரைக்கும் கல்லில் ஐந்தாறு சொட்டுத் தண்ணீர் விட்டு, சிலையின் அடிப்பாகத்தில் கண்ணில் படாத ஒரு ஓரத்தை வைத்துத் தேய்க்க வேண்டும். கடையில் கல் கிடைக்காது, அங்கே விற்பவரின் சம்மதத்தோடு நைஸ் உப்புத்தாளால் அதே ஓரத்தைத் தேய்க்கலாம்.

நிஜ வைரமாக இருந்தால் பத்து முறை தேய்த்ததும் வெளிர்மஞ்சள் நிறத்தில் வழவழப்பான குழம்பு வரும். தேய்க்கத் தேய்க்க மணம் கூடும். ஏனென்றால் ஒவ்வொரு தேய்ப்பிலும் இதுவரை காற்றுப் படாத புதிய மரம் வெளியே வருகிறது. அந்தக் குழம்பைப் புறங்கையில் தடவினால் சில மணி நேரம் கழித்தும் மணம் இருக்கும். தைலம் பூசிய கட்டையில் நேர்மாறாக நடக்கும். முதல் நாலு தேய்ப்புக்கு நல்ல மணம் வரும், பிறகு மெலிந்துகொண்டே போய், கடைசியில் ஈரமான மரத்தூள் வாசனைதான் மிஞ்சும். குழம்பும் வழவழப்பாக இல்லாமல் திப்பி திப்பியாக இருக்கும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. சிலையின் அடிப்பாகம் பெரும்பாலும் மரத்தின் குறுக்குவெட்டு. மரத்தின் குழாய்கள் அங்கே வாய் திறந்து நிற்பதால், தைலத்தில் ஊறவைத்த கட்டையில் அடிப்பாகம்தான் அதிகம் உறிஞ்சியிருக்கும், வாசனை சில மில்லிமீட்டர் ஆழம் வரை இறங்கியிருக்கும். அதனால் அடியில் மட்டும் தேய்த்துப் பார்த்து ஏமாறக்கூடாது. விலை உயர்ந்த பொருள் என்றால், அடிப்பாகத்தின் நடுவில் இரண்டு மில்லிமீட்டர் துளையை ஒரு சென்டிமீட்டர் ஆழத்துக்குப் போடச் சொல்லி, கடைசியாக வரும் தூளை உள்ளங்கையில் வைத்துக் கசக்கி முகர்வது நல்லது. சரக்கில் நம்பிக்கை உள்ள வியாபாரி இதற்குப் பெரிதாக முரண்டு பிடிக்க மாட்டார். துளையைப் பிறகு மெழுகால் அடைத்துவிடலாம்.

நிஜச் சந்தனம் மணக்காமல் போவதும் உண்டு. பல ஆண்டுகள் அலமாரியில் இருந்த பழைய சிற்பத்தின் மேற்பரப்பில் எண்ணெய் வற்றியிருக்கும். வார்னிஷ் அடித்திருந்தால் மணம் உள்ளேயே அடைபட்டிருக்கும். இளமரமாக இருந்தால் எண்ணெயே குறைவு. இந்த மூன்றிலும் மேலே தேய்த்தவுடன் மணம் திரும்பும், இளமரத்தில் மட்டும் கொஞ்சம் மெலிதாக.

மணத்தை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத முடியாமல் செய்யும் ஒரு போலியும் உண்டு. நிஜச் சந்தனத் தூளைப் பிசினோடு கலந்து அச்சில் வார்த்த பொம்மை அது. அதன் ஆழத்திலிருந்து வருவதும் அசல் மணம்தான். அதைப் பிடிக்க ரேகையையும் உளியையும் கேட்க வேண்டும்.

கட்டையின் அடிப்பாகத்தைப் படியுங்கள்

சந்தன வைரம் மிக நெருக்கமான மரம். அதன் துளைகள் அத்தனை சிறியவை, வெறும் கண்ணுக்குத் தெரியாது. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், நகைக்கடைக்காரர்கள் கண்ணில் வைத்துப் பார்க்கும் அந்தக் குட்டிக் கண்ணாடி, இதற்குப் போதும். அடிப்பாகத்தில் ஒரு சின்ன இடத்தைப் பிளேடால் சீராகச் சீவிவிட்டு லென்ஸ் வைத்தால், ஊசிமுனை போன்ற துளைகள் தனித்தனியாக, ஒரே சீராகச் சிதறிக் கிடக்கும். ஆண்டு வளையங்கள் மங்கலாகத்தான் இருக்கும். பக்கவாட்டில் ரேகை நேராகவோ லேசாக நெளிந்தோ ஓடும். தடவினால் மெழுகு தேய்த்த மாதிரி ஒரு வழவழப்பு.

சந்தனத்துக்குப் பதிலாகப் புழங்கும் மரங்களில் இரண்டை அறிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. ஒன்று, நம் ஊரில் குமிழ் என்றும் குமிழ்த்தேக்கு என்றும் சொல்லும் மரம். கர்நாடகத்தில் இதை சிவனி என்பார்கள். வெளிர் நிறம், சீக்கிரம் வளர்வது, சுலபமாகச் செதுக்க வருவது. சந்தனச் செதுக்கலுக்குப் பேர்போன குடிகார் சமூகத்துச் சிற்பிகள், ஷிமோகா மாவட்டத்தின் சாகர், சொரபா ஊர்களில், குறைந்த விலைச் சிற்பங்களுக்கு இதைத்தான் பயன்படுத்துகிறார்கள். சிவனி என்று சொல்லி விற்றால் அது நேர்மையான, அழகான பொருள். அதன்மேல் தைலம் தடவிச் சந்தனம் என்று இன்னொருவர் விற்கும்போதுதான் ஏமாற்று. குமிழின் குறுக்குவெட்டில் துளைகள் லென்ஸ் இல்லாமலே தெரியும்.

மற்றது மஞ்சக்கடம்பு. வட இந்தியாவில் கடம் மரம் என்ற பெயரில் சிற்பத்துக்கு வருகிறது. இது கெட்டிக்காரப் போலி. நிறம் இயல்பாகவே மஞ்சள், துளைகளும் மிக நுண்ணியவை, செதுக்கினால் விளிம்பு நன்றாக நிற்கும். லென்ஸ் வைத்துப் பார்த்தாலும் பழகாத கண் தடுமாறும். இதைக் காட்டிக்கொடுப்பது எடை.

காய்ந்த சந்தன வைரம் ஒரு கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 0.9 கிராம் இருக்கும். மஞ்சக்கடம்பு 0.65லிருந்து 0.7 வரை. குமிழ் 0.5க்குப் பக்கம். சமையலறைத் தராசு இருந்தால் இதை வீட்டிலேயே அளந்துவிடலாம். சந்தனம் என்று ஆயிரத்து எண்ணூறு ரூபாய்க்கு வாங்கிய, நாலரை அங்குல உயரமுள்ள ஒரு பிள்ளையாரை எடுத்துக்கொள்வோம். முதலில் அவரைத் தராசில் நிறுத்துகிறோம், 140 கிராம். பிறகு மெல்லிய பிளாஸ்டிக் தாளை உடம்போடு ஒட்டச் சுற்றி, உள்ளே காற்று தங்காமல் இறுக்குகிறோம். தராசின் மேல் தண்ணீர்ப் பாத்திரத்தை வைத்து அளவைப் பூஜ்ஜியமாக்குகிறோம். ஒரு நீளமான ஊசியால் பிள்ளையாரை முழுதும் மூழ்கும்படி, பாத்திரத்தின் அடியையோ பக்கத்தையோ தொடாமல் அழுத்திப் பிடிக்கிறோம். தராசு இப்போது 290 என்று காட்டுகிறது. தண்ணீர் விலகிய அளவு அதுதான், அதாவது பிள்ளையாரின் கன அளவு 290 கன சென்டிமீட்டர்.

140ஐ 290ஆல் வகுத்தால் 0.48. சந்தனமாக இருந்திருந்தால் அதே அளவுப் பிள்ளையார் 260 கிராம் எடை காட்டியிருக்க வேண்டும். தாளுக்குள் கொஞ்சம் காற்று மாட்டிக்கொண்டு அளவு பத்து சதவீதம் பிசகினாலும் 0.48 எங்கே, 0.9 எங்கே. இவர் குமிழ்ப் பிள்ளையார் அல்லது அந்த ரகத்தில் வேறொரு லேசான மரம். அடிப்பாகத்தைச் சீவிப் பார்த்தால் வெறும் கண்ணுக்குத் துளை தெரிவதும் அதையே சொல்லும்.

இந்தக் கணக்கு ஒருவரை வெளியேற்றத்தான் உதவும், உள்ளே சேர்க்க உதவாது. எடை 0.9 வந்தால் சந்தனம் என்று உறுதியாகாது, அந்த எடையில் வேறு மரங்களும் உண்டு. ஒன்றைத் தாண்டி 1.1, 1.2 என்று வந்து சிலை தண்ணீரில் விழுந்ததும் மூழ்கினால், பிசின் வார்ப்பு என்று சந்தேகிக்கலாம். துளைத்துளையாக ஜாலி வேலை செய்த சிற்பத்தில் தாளுக்குள் காற்று அதிகம் தங்கும் என்பதால் இந்தச் சோதனையே செல்லாது.

'செஞ்சந்தனம்' என்று விற்கும் சிவப்புப் பொம்மையையும் இங்கேயே ஓரம் கட்டிவிடலாம். அது செம்மரம், சந்தனத்துக்கு உறவே இல்லாத வேறு மரம். அதற்குச் சந்தன மணம் கிடையாது. மணக்கிறது என்றால் யாரோ மணக்க வைத்திருக்கிறார்கள்.

ஈட்டியின் கோடு எங்கே முடிகிறது?

ரோஸ்வுட் என்று கடைகளிலும், ஈட்டி, தோதகத்தி என்று நம் பக்கத்திலும் சொல்லும் மரத்துக்குக் கதை வேறு. இங்கே மூக்குக்கு வேலை குறைவு. புதிதாக அறுத்தாலோ தேய்த்தாலோ மெலிதான ஒரு நறுமணம் வரும், மேலே பாலிஷ் ஏறிவிட்டால் ஒன்றும் இருக்காது. ஆகவே போலி செய்பவர் வாசனைக்குப் பதில் நிறத்தில் கை வைப்பார். ரப்பர் மரம், மாமரம், வாகை, கருவேலம் எல்லாம் சாயம் ஏறி ரோஸ்வுட் யானையாக நிற்கும்.

சாயத்தைக் கண்டுபிடிக்க ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடைத்துப் பார், நிறம் ஒட்டினால் போலி என்று ஒரு யோசனை பரவலாக உண்டு. இது அசலையே போலியாக்கிவிடும். ஈட்டி வைரத்தில் இருக்கும் நிறப்பொருள் ஸ்பிரிட்டில் கரையும். பாலிஷ் போடாத அசல் ஈட்டியைத் துடைத்தாலும் பஞ்சு பழுப்பாகத்தான் வரும், மெருகு போடும் தச்சர்களுக்கு இது தெரிந்த விஷயம். பஞ்சை விட்டுவிட்டு, அடிப்பாகத்தில் அரை மில்லிமீட்டர் ஆழத்துக்குச் சுரண்டிப் பாருங்கள். சாயம் ஏறிய ரப்பர் மரமோ மாமரமோ உள்ளே வெளிறிக் கிடக்கும். ஈட்டி உள்ளேயும் அதே ஊதா கலந்த பழுப்புதான்.

அடுத்து, கருங்கோடுகள். ஈட்டியின் அழகே அந்தப் பழுப்பில் ஓடும் கருமையான ரேகைகள்தான். அந்தக் கோடு மரத்துக்குள் ஒரு தகடாக இறங்குகிறது. எனவே யானையின் விலாவில் ஓடும் ஒரு கோட்டைப் பிடித்துக்கொண்டு போனால், அது முதுகு விளிம்பில் திரும்பி மறுபக்கம் இறங்க வேண்டும், அல்லது அடிப்பாகத்தின் குறுக்குவெட்டில் வளைவாகத் தெரிய வேண்டும். பிரஷ்ஷால் வரைந்த கோடு விளிம்போடு நின்றுவிடும், அல்லது உடம்பின் மேடு பள்ளங்களைச் சட்டை செய்யாமல் நேராகப் போகும். நிஜக் கோடு அப்படிப் போக முடியாது. மரத்தைக் குடைந்த இடத்தில் ரேகை கண் கண்ணாக, வளையம் வளையமாக விரியும். யானையின் நெற்றி மேட்டையும் பின்புறத்தையும் பாருங்கள், உருண்ட இடத்தில் ரேகையும் உருண்டு வட்டமிட்டிருந்தால் அது செதுக்கப்பட்ட மரத்தின் சொந்தக் கோடு.

வாகையைப் பிரிப்பதற்குக் குறுக்குவெட்டே வழி. பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூர் மரச் சிற்பங்களில் வாகைக்கு முக்கியமான இடம் உண்டு. அதற்குப் புவிசார் குறியீடும் இருக்கிறது. அது தன் பெயரிலேயே பெருமையாக நிற்கும் மரம். ஆனால் நன்றாக முற்றிய வாகை வைரமும் கரும்பழுப்புக் கோடுகளோடு இருப்பதால் வேறிடங்களில் அதை ரோஸ்வுட் என்று தள்ளிவிட முடிகிறது. அடிப்பாகத்தைச் சீவிப் பார்த்தால் வாகையின் ஒவ்வொரு துளையைச் சுற்றியும் வெளிறிய ஒரு வளையம் இருக்கும், வெறும் கண்ணுக்கே புலப்படும். ஈட்டியில் அந்த வெளிறல் துளையோடு நிற்காமல் பக்கவாட்டில் நீண்டு, அடுத்தடுத்த துளைகளை இணைக்கும் நெளிந்த மெல்லிய கோடுகளாக ஓடும்.

ஈட்டியின் குடும்பத்துக்கே உரிய இன்னொரு அடையாளமும் உண்டு. பாலிஷ் குறைவான ஒரு தட்டையான பரப்பில் டார்ச் வெளிச்சத்தைச் சாய்வாக அடித்து, லென்ஸால் பார்த்தால் ரேகைக்குக் குறுக்கே மிக நெருக்கமான, சீரான வரிகள் தெரியும். வாகை, மா, ரப்பர் மரங்களில் இந்த வரி இல்லை. வட இந்திய மேசை நாற்காலிகளில் வரும் ஷீஷம் இதே பேரினம் என்பதால் அதில் உண்டு. ஷீஷத்தைப் பிரிக்க நிறம்தான் துணை: அது பொன் பழுப்பு, ஈட்டியின் ஊதாச் சாயல் அதில் வராது. எடையும் கொஞ்சம் குறைவு. பல கடைகளில் இரண்டையும் ரோஸ்வுட் என்றே சொல்வார்கள். விலை மட்டும் ஈட்டி விலையாக இருந்தால் கேள்வி கேளுங்கள்.

உளி எழுதிய கையெழுத்து

மரம் எது என்பதும், செதுக்கியது யார் என்பதும் தனித்தனிக் கேள்விகள். நிஜச் சந்தனத்தை இயந்திரத்தில் கொடுத்தும் செதுக்கலாம், குமிழில் ஒரு தேர்ந்த சிற்பி மாதக்கணக்கில் உளி பிடித்தும் வேலை செய்யலாம். ஆனாலும் உளித் தடத்தைப் படிக்கத் தெரிந்தால் இரண்டு கேள்விக்கும் துப்புக் கிடைக்கும்.

கையால் செதுக்கிய சிற்பத்தின் வெளிப்பரப்பை உப்புத்தாள் வழித்துவிடும். தடம் மிஞ்சுவது காதுக்குப் பின்னால், கைக்கும் உடம்புக்கும் நடுவே, மாலையின் கீழே, பிரபையின் பின்புறத்தில். அங்கே டார்ச் அடித்தால் சின்னச் சின்னப் பட்டைகள் தெரியும். ஒவ்வொன்றும் ஒரு உளி வெட்டு. ஆழமும் சாய்வும் ஒன்றுபோல இருக்காது. பூவேலையில் இதழ்களை எண்ணிப் பார்த்தால் ஒன்று சற்று அகலம், ஒன்று சற்றுக் குறுகல். இடக்கண்ணும் வலக்கண்ணும் மயிரிழை வித்தியாசப்படும். குழியின் உள்மூலை கூர்மையாக, கத்தி நுனி நுழைந்த மாதிரி முடியும்.

சி.என்.சி. இயந்திரத்தின் வெட்டுமுனை சுழலும் உருண்டை. அது ஒரே இடைவெளியில் போய்ப் போய் வருவதால், தேய்க்க எட்டாத பள்ளங்களில் ஏர் உழுத சால் மாதிரி இணையான வரிகள் விட்டுப் போகும். எல்லா உள்மூலைகளும் அந்த முனையின் அளவுக்கு வளைந்தே இருக்கும், கூர்மூலை வராது. சாதாரண இயந்திரம் மேலிருந்து கீழே மட்டுமே இறங்கும் என்பதால், தொங்கும் இலைக்கு அடியில் குடைந்து உள்ளே போக அதனால் முடியாது. துதிக்கைக்கும் மார்புக்கும் நடுவே காற்றுப் போக வேண்டிய இடம் சுவராக அடைபட்டிருந்தால் அதுதான் காரணம். அதே அலமாரியில் அதே பிள்ளையார் இன்னொன்று இருந்தால் இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காதின் மடிப்பை ஒப்பிடுங்கள். இரண்டும் அச்சாக ஒன்றாக இருந்தால் கைவேலைக்கான விலையைக் கொடுக்க வேண்டாம். இன்று பல பட்டறைகளில் முக்கால் வேலையை இயந்திரம் முடித்து, கண், நகை, விரல் ஆகியவற்றை மட்டும் உளியால் தொட்டு முடிக்கிறார்கள். முகத்தில் உளியும் முதுகில் இணை வரியும் இருந்தால் அந்தக் கலப்பு என்று பொருள்.

சந்தனத் தூள் வார்ப்பு பிடிபடுவதும் இங்கேதான். அச்சின் இரண்டு பாதிகள் சேர்ந்த இடத்தில் பக்கவாட்டில் ஒரு மெல்லிய தையல் கோடு ஓடும், அதை அரத்தால் தேய்த்து மறைத்திருந்தால் அந்த இடம் மட்டும் தட்டையாக இருக்கும். குழிகளில் காற்றுக் குமிழி விட்ட ஊசித் துளைகள் இருக்கும். ஆபரணங்களின் விளிம்பு மழுங்கியிருக்கும், உளி வெட்டிய பட்டை எங்கும் இராது. எல்லாவற்றுக்கும் மேலாக அடிப்பாகத்தில் குறுக்குவெட்டே இருக்காது. வளையமும் துளையும் இல்லாமல் வெறும் தூள் தூளான ஒரே மாவுப் பரப்பு. இந்த ரகச் சிலைகளின் அடியில் பச்சை வெல்வெட் துணி ஒட்டியிருப்பது அடிக்கடி நடக்கிறது. துணி ஒட்டிய எல்லாமே போலி இல்லை, ஆனால் ஓரத்தைப் பிரித்துப் பார்க்க விடாதவரிடம் வாங்காமல் இருப்பது மேல்.

உளித் தடத்தில் மரத்தின் சாட்சியும் சேர்ந்தே இருக்கிறது. சந்தனம் போன்ற நெருக்கமான மரத்தில் கூரிய உளி வெட்டிய முகம் தேய்க்காமலே பளபளக்கும். நூல் போன்ற ஆபரணக் கோடுகூட உடையாமல் நிற்கும். குமிழ் போன்ற லேசான மரத்தில், நார்க்குறுக்கே வெட்டிய இடங்கள் நசுங்கிப் பிசிறு தட்டியிருக்கும், மெல்லிய இடங்கள் ஒடிந்து ஒட்டப்பட்டிருக்கும். அதனால் அந்த மரத்தில் சிற்பி ஆபரணங்களைச் சற்றுத் தடிப்பாகவே விடுவார்.

அளவும் விலையும் ரசீதும்

சந்தன மரம் பருத்து வளர்வதில்லை. அதன் வைரம் ஒரு சாண் குறுக்களவு இருந்தாலே பெரிய கட்டை. ஆகவே ஒன்றரை அடி அகலமுள்ள சிலையை 'ஒரே கட்டை, சந்தனம்' என்று சொன்னால் நம்பாதீர்கள். பெரிய சந்தனச் சிற்பங்கள் உண்டு, அவை பல துண்டுகளைச் சேர்த்துச் செய்தவை. உற்றுப் பார்த்தால் ரேகை திசை மாறும் இடத்தில் இணைப்புத் தெரியும்.

விலையிலும் இதே எளிய கணக்கைப் போடலாம். மரக்கட்டையின் விலையைக் கிலோ பத்தாயிரம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 260 கிராம் சந்தனப் பிள்ளையாருக்குச் செதுக்கிக் கழிந்தது போக அரைக் கிலோவாவது எடுத்திருப்பார்கள். சிராய்ப்பை எண்ணெய்க்கு விற்று ஒரு பகுதியை மீட்டாலும் மரத்துக்கே சில ஆயிரம் ஆகிவிடும், கூலி தனி. அந்தப் பிள்ளையாரை ஆயிரத்து எண்ணூறுக்குக் கொடுக்க எந்தச் சிற்பியாலும் முடியாது. விலை குறைவு என்பதே இங்கே ஒரு சோதனை.

ரசீதில் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். வாயால் 'சந்தனம்' என்றவர் எழுத்தில் 'சாண்டல் ஃபினிஷ்' என்றோ 'வுட் கார்விங்' என்றோ போடுவார். மரத்தின் பெயர், எடை இரண்டையும் எழுதி வாங்குங்கள். கர்நாடக அரசின் காவேரி, தமிழக அரசின் பூம்புகார் போன்ற விற்பனையகங்களில் இதைக் கேட்டு வாங்குவது சுலபம். ஈட்டிக்கு ரசீது இன்னும் முக்கியம். தமிழ்நாட்டில் ஈட்டி மரங்களைப் பாதுகாக்க 1994ஆம் ஆண்டுச் சட்டம் கொண்டுவரப்பட்டது. அதோடு அந்தப் பேரினம் முழுவதும் 2017 முதல் சைட்ஸ் என்ற பன்னாட்டு ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டுக்குள் இருக்கிறது. வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகளுக்கு ரோஸ்வுட் யானை அனுப்ப நினைப்பவர்கள் எடை வரம்பையும் அந்த நாட்டு விதியையும் முன்பே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

மணம், ரேகை, எடை, உளி எல்லாம் ஒத்துப்போயும் சந்தேகம் தீராத இடங்கள் இரண்டு. ஆஸ்திரேலியாவின் வேறொரு சந்தன இனத்து மரம் மூக்குக்கும் லென்ஸுக்கும் பெரும்பாலும் தப்பிவிடும். பழைய சிலையில் நிஜச் சந்தனத்தோடு வேறு மரத் துண்டு சேர்த்து மேலே மெழுகிட்டிருந்தாலும் வெளியிலிருந்து தெரியாது. லட்சக்கணக்கில் பணம் போடுகிறவர்கள் பெங்களூரு மல்லேஸ்வரத்தில் இருக்கும் மத்திய அரசின் மர அறிவியல் மற்றும் தொழில்நுட்ப நிறுவனத்தை அணுகலாம். ஒரு சிறு சீவலை நுண்ணோக்கியில் வைத்து மரத்தின் பெயரைச் சொல்வது அவர்களுடைய அன்றாட வேலை. சிலையின் எந்த மூலையிலிருந்து அந்தச் சீவலை எடுப்பது என்பதை மட்டும் விற்பவரிடம் விட்டுவிடாமல், இணைப்பு இருப்பதாகத் தோன்றும் இடத்துக்கு இரண்டு பக்கமும் நீங்களே காட்டிக்கொடுங்கள்.